மினிமம் கட்டியாச்சே, பின்னே எதுக்கு வட்டி?

கல்பாத்தித் தேர் முடிந்து இரண்டு மாதம் ஆனால் புலம்பல் தொடங்கும். ஐப்பசிக் கடைசியில் அக்ரஹாரம் முழுக்க விருந்தாளிகள் நிறைவார்கள். ஜவுளி, பாத்திரம், மிக்ஸி என்று எல்லாவற்றுக்கும் கார்டைத் தேய்ப்பார்கள். டிசம்பரில் பில் வரும். பெரிய தொகைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னத் தொகையும் இருக்கும். அந்தச் சின்னதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள்தான் ஜனவரி பில்லோடு வங்கிக் கிளைக்கு ஓடுகிறார்கள்: "மினிமம் கட்டியாச்சே, பின்னே எதுக்கு வட்டி?" 2024-ல் இந்தத் தேருக்காகப் பாலக்காடு இடைத்தேர்தலையே நவம்பர் 13-லிருந்து 20-க்குத் தள்ளி வைத்தது தேர்தல் ஆணையம். கார்டு பில்லின் கெடுவை அப்படி யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள்.

மினிமம் டியூ கட்டினால் இரண்டு தொல்லைகள் மட்டும் வராது. தாமதக் கட்டணம் விழாது. தவணை தவறியவர் என்று சிபிலில் பெயர் ஏறாது. வட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வட்டியில்லாக் காலம் என்ற சலுகை முழு பாக்கியையும் கெடுவுக்குள் கட்டுபவருக்கு மட்டும்தான். ஒரு பகுதியை நிறுத்தி வைத்தாலும் சலுகை போய்விடும். பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடியதாகக் கணக்கு எழுதுவார்கள்.

அந்த வட்டியில்லாக் காலமும் விளம்பரத்தில் சொல்வதுபோல எப்போதும் ஐம்பது நாள் இல்லை. உங்கள் பில் மாதம் 5-ஆம் தேதி போடப்பட்டு, கெடு 25-ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் 6 அன்று வாங்கியதற்கு டிசம்பர் 25 வரை ஐம்பது நாள் கிடைக்கும். டிசம்பர் 4 அன்று வாங்கினால் மூன்றே வாரம்தான். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பில் தேதி; பிறகு கெடு தேதி. ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் ஒரு நாள்கூட இலவசம் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். நவம்பர் 10 அன்று ஒருவர் 30,000 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறார். மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42 சதவீதம். டிசம்பர் 5 பில்லில் மினிமம் டியூ ஐந்து சதவீதம், 1,500 ரூபாய். அதை மட்டும் 25-ஆம் தேதி கட்டுகிறார். ஜனவரி 5 பில்லில் என்ன வரும்? 30,000 ரூபாய்க்கு நவம்பர் 10 முதல் 45 நாள் வட்டி 1,553. மிச்சம் 28,500-க்கு அடுத்த 11 நாள் வட்டி 361. இந்த இரண்டுக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் சுமார் 2,259 ரூபாய். கட்டியது 1,500, ஏறியது 2,259. அடுத்த மினிமம் டியூவில் இந்த வட்டியும் வரியும் சேர்ந்துகொள்ளும் என்பதால் அது 3,600-ஐத் தாண்டிவிடும். போன மாதம் 1,500 இருந்தது எப்படி இப்படி ஆனது என்று திகைப்பவர்கள், பில்லின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு பொல்லாத விஷயம். அதே ஆள் 1,500-க்குப் பதில் 29,000 ரூபாய் கட்டி, ஆயிரத்தை மட்டும் நிறுத்தி வைத்தார் என்றால்? பெரும்பாலான வங்கிகளின் கணக்கில் முழு 30,000-க்கும் அந்த 45 நாள் வட்டி விழும். ஜிஎஸ்டியோடு சுமார் 1,850 ரூபாய். ஆயிரம் ரூபாய் பாக்கிக்கு ஆயிரத்து எண்ணூற்றைம்பது! ஆயிரம் ரூபாய் கைமாற்று வாங்கியாவது முழுசாகக் கட்டியிருக்கலாம்.

பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. டிசம்பர் 28 அன்று வாங்கும் மளிகைக்கும் அன்றே வட்டி ஆரம்பம். அதனால் பாக்கி தீரும்வரை அந்தக் கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மறுபடியும் சொல்கிறேன், தொடாதீர்கள். தீர்க்கும்போதும் கெடுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். வட்டி நாள் கணக்கில் ஓடுகிறது, பணம் கைக்கு வந்த அன்றே கட்டுங்கள். ஜனவரி பில்லை முழுசாகக் கட்டினாலும், பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாள்களின் வட்டி பிப்ரவரி பில்லில் வரும். அது மோசடி இல்லை. அந்தச் சில நூறு ரூபாயை அலட்சியமாக விட்டால்தான் சக்கரம் மீண்டும் சுற்றும். ஒரேயடியாகக் கட்ட முடியாதவர் நகைக்கடன் வாங்கியாவது இதை அடைக்கலாம். வங்கி நகைக்கடனின் வட்டி இதில் பாதிகூட வராது.

வெளியூரில் இருக்கும் பிள்ளை ஆட்டோ பேமென்ட் போட்டுக் கொடுத்திருந்தால், செயலியைத் திறந்து பாருங்கள். Total Amount Due, Minimum Amount Due என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். இரண்டாவது தேர்வாகியிருந்தால் மாதாமாதம் நீங்கள் அறியாமலே வட்டி ஏறும். இதை இன்றே பாருங்கள்.

வட்டி விகிதத்தைச் சட்டம் கட்டுப்படுத்தும் என்று நம்பவும் வழியில்லை. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. விகிதத்தை எதிர்த்து வாதாடுவதைவிடக் கணக்குப் பிழையைப் பிடிப்பதே கைகொடுக்கும். அதற்கு ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் துணை நிற்கின்றன. வட்டி விழுமுன் பணம் கட்டக் குறைந்தது இரண்டு வாரம் தர வேண்டும். கட்டாத கட்டணத்துக்கும் வரிக்கும் வட்டி போடக் கூடாது. கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம். அதுவும் மிச்சமுள்ள தொகையின் மேல்தான், முழு பில்லின் மேல் இல்லை. அந்த மூன்று நாள் சலுகை தாமதக் கட்டணத்துக்குத்தான், வட்டிக்கு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

பிழை தெரிந்தால் கிளை மேனேஜரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. கார்டுக் கணக்கு பெரும்பாலும் அவர் கையில் இல்லை. "ஹெட் ஆபீசுக்கு எழுதுங்கோ" என்பதைத் தாண்டி அவர் எதுவும் சொல்லப்போவதில்லை. கார்டு கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். மின்னஞ்சல் பில்லிலேயே இருக்கும். கார்டின் கடைசி நான்கு எண், பில் தேதி, கட்டிய தொகை, கட்டிய தேதி, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். 'வட்டி அதிகம்' என்று மட்டும் எழுதினால் அச்சடித்த பதில்தான் வரும். 'எந்தத் தொகைக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த விகிதத்தில் வட்டி போட்டீர்கள், வரி வரியாகத் தாருங்கள்' என்று கேளுங்கள். தகராறுள்ள பில்லுக்கு 30 நாளுக்குள் விளக்கம் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். புகார் எண் இல்லாத புகார் புகாரே இல்லை. போனில் சொல்லிவிட்டு விடாதீர்கள்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மன். கட்டணம் இல்லை. cms.rbi.org.in தளத்தில் பதியலாம். கணினி பழக்கமில்லாதவர்கள் தபாலில் அனுப்பலாம்: ரிசர்வ் வங்கி மையப் புகார்ப் பிரிவு, 4-ஆம் தளம், செக்டர் 17, சண்டிகர் 160017. ஓம்புட்ஸ்மனைத் தேடித் திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. சந்தேகம் கேட்க 14448. வங்கிக்கு எழுதாமல் நேரே இங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வக்கீல் மூலம் போனாலும் ஏற்க மாட்டார்கள், நீங்களே எழுத வேண்டும். அதே விஷயத்தைப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கனவே வழக்காகப் போட்டிருந்தாலும் ஓம்புட்ஸ்மன் கைவைக்க மாட்டார். இரண்டில் எது என்று மனுவை எழுதுமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.