பக்கத்தில் உட்கார்ந்து சொல்லும் அக்கா

மருந்தியல் நோட்டில் இருப்பது ஒரே வரி: `t½ = 0.693/k`. இதை அப்படியே நகலெடுத்தால் ஜூனியருக்கு விளங்காது. விடுதி அறையில் சீனியர் அக்கா எப்படித் தொடங்குவார்?

"உடம்புல 400 மில்லிகிராம் மருந்து இருக்குன்னு வச்சுக்கோ. அரை ஆயுள் 4 மணி நேரம். 4 மணி நேரம் கழிச்சு 200 இருக்கும். 8 மணி நேரத்துல பூஜ்யம்னு எழுதிடாதே, 100 மிச்சமிருக்கும். ஒவ்வொரு தடவையும் மிச்சத்துலதான் பாதி போகுது."

சூத்திரம் இதற்குப் பிறகு வரட்டும். சறுக்கும் இடத்தைச் சொல்வதுதான் வழிகாட்டியின் உயிர் என்பேன். நோட்டில் அது இருக்காது. ஆனால் எளிமைக்காக விதிவிலக்கை விட்டுவிடக் கூடாது. மது மணிக்கு ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறையும். அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

எழுதி முடித்ததும் ஒரு ஜூனியரிடம் படிக்கக் கொடுத்து, 12 மணி நேரத்தில் மிச்சம் எவ்வளவு என்று கேளுங்கள். 50 என்று வராவிட்டால் திருத்த வேண்டியது உங்கள் பக்கத்தை.