பழைய வாகன விற்பனையில் முன்பண ரசீதுச் செய்தியைத் திருத்தி எழுதுதல்

பழைய ஸ்கூட்டரையோ காரையோ விற்கும்போது, விலை பேசி முடித்ததும் வாங்குபவர் ஒரு சிறு தொகையை அனுப்புவார். அது கிடைத்ததாக விற்பவர் கைப்பேசியில் அனுப்பும் பதில்தான் முன்பண ரசீதுச் செய்தி. பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடும். விற்பனை நின்றுபோனால், அந்த வரிகள்தான் இருவருக்கும் இடையே எஞ்சியிருக்கும் எழுத்து. அப்படிப்பட்ட ஒரு செய்தியை எப்படித் திருத்துவது என்பதை ஓர் எடுத்துக்காட்டு மூலம் இக்கட்டுரை விளக்குகிறது.

எடுத்துக்காட்டு

ஒரு ஸ்கூட்டரின் பேசிய விலை 42,000 ரூபாய். 5-6-2025, வியாழக்கிழமை அன்று வாங்குபவர் 5,000 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்புகிறார். விற்பவரின் வாகனக் கடன் அடைந்துவிட்டது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் இன்னும் நீக்கப்படவில்லை. விற்பவர் இப்படிப் பதில் அனுப்புகிறார்:

> அண்ணா 5000 வந்துடுச்சு. வண்டி உங்களுக்குத்தான். மீதியை அடுத்த ஞாயிறு குடுத்துட்டு எடுத்துக்குங்க. வரலன்னா அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாது.

நல்லெண்ணத்தோடு எழுதிய செய்திதான். ஆனாலும் இதில் மூன்று குறைகள் உள்ளன.

முதல் குறை: தொகை

5,000 என்று எழுதியவர் மொத்த விலையை எழுதவில்லை. ஆகவே ‘மீதி’ என்பது எவ்வளவு என்று செய்தியிலிருந்து தெரியாது. பேசும்போது 40,000 என்று ஒருவருக்கும் 42,000 என்று மற்றவருக்கும் நினைவில் பதிந்திருக்கலாம். மொத்த விலை, பெற்றது, மீதி ஆகிய மூன்று எண்களையும் எழுதினால் கூட்டிப் பார்த்தே சரிபார்க்கலாம்: 5,000 + 37,000 = 42,000. எந்த வண்டி என்பதற்குப் பதிவு எண்ணும் வேண்டும்.

இரண்டாம் குறை: நாள்

வியாழக்கிழமை சொல்லும் ‘அடுத்த ஞாயிறு’ 8ஆம் தேதியா, 15ஆம் தேதியா? இரண்டு விதமாகவும் பேசுகிறவர்கள் உண்டு. தேதி, கிழமை, நேரம் மூன்றையும் எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

இதில் சட்டம் சார்ந்த ஒரு விவரமும் இருக்கிறது. வாகனம் ஓர் அசையும் பொருள். எனவே அதன் விற்பனைக்கு 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பொருந்தும். ஒப்பந்தத்தில் வேறு எண்ணம் தெரியாவிட்டால், பணம் செலுத்தக் குறித்த நாளை ஒப்பந்தத்தின் இன்றியமையாத நிபந்தனையாகக் கொள்ளக்கூடாது என்கிறது அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு. அதாவது, தேதியை மட்டும் எழுதிவிட்டு, ஒரு நாள் தாமதமானதும் ‘ஒப்பந்தம் முடிந்தது’ என்று வண்டியை வேறொருவருக்கு விற்பது சிக்கலாகலாம். கெடு தாண்டினால் ஒப்பந்தம் முடியும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மூன்றாம் குறை: பணம் திரும்பாது என்ற வரி

‘வரலன்னா ரிட்டர்ன் கிடையாது’ என்பது ஒரு பக்கத்துக்கு மட்டும் எழுதிய நிபந்தனை. 15ஆம் தேதி வாங்குபவர் முழுப் பணத்தோடு வந்து நிற்கிறார், ஆனால் ஆர்.சி.யில் கடன் பதிவு நீங்கவில்லை என்றால் என்ன ஆகும்? பெயர் மாற்றம் நடக்காது. தவறு விற்பவருடையது. ஆனால் செய்தியில் இதற்கு விடையே இல்லை.

அடுத்தது, சொல் தேர்வு. தமிழில் அச்சாரம், முன்பணம் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. பேச்சை உறுதி செய்யக் கொடுப்பது அச்சாரம். விலையில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுப்பது முன்பணம். இரண்டையும் ‘அட்வான்ஸ்’ என்று சொல்லும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. சதீஷ் பத்ரா வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தில் தெளிவாகச் சொல்லப்பட்ட அச்சாரத்தைத்தான் பறிமுதல் செய்யலாம், விலையின் பகுதியாகக் கொடுத்த பணத்தைச் செய்ய முடியாது என்றது.

அச்சாரம் என்று எழுதிவிட்டாலும் வரம்பு உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகை என்பது உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். இழப்பைக் கணக்கிட முடியும் இடத்தில் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இரண்டும் நிலம், வீடு தொடர்பான வழக்குகள். ஆனால் அவை அடிப்படையாகக் கொண்ட ஒப்பந்தச் சட்டம் வாகன விற்பனைக்கும் பொதுவானதே.

எனவே பறிமுதல் தொகையை முடிவு செய்யும்போது விற்பவர் தமக்கு உண்மையில் என்ன இழப்பு வரும் என்று பார்க்க வேண்டும். பத்து நாள் வண்டியை நிறுத்தி வைத்து, வந்த வேறொருவரைத் திருப்பி அனுப்பி, பிறகு 40,000 ரூபாய்க்கு விற்க நேர்ந்தால் இழப்பு 2,000 ரூபாய். நம் எடுத்துக்காட்டில் 5,000 ரூபாயை 2,000 அச்சாரம், 3,000 முன்பணம் என்று பிரித்துக்கொள்வோம். வாங்குபவருக்கும் தாம் இழக்கக்கூடியது எவ்வளவு என்று முன்பே தெரிந்துவிடும்.

திருத்திய செய்தி

> அண்ணா, பதிவு எண் ……… ஸ்கூட்டருக்கு நாம் பேசிய மொத்த விலை ரூ. 42,000. இன்று 5-6-2025 யுபிஐ மூலம் ரூ. 5,000 பெற்றுக்கொண்டேன். இதில் ரூ. 2,000 அச்சாரம், ரூ. 3,000 முன்பணம். இரண்டும் விலையில் கழியும். மீதி ரூ. 37,000.
>
> மீதியை 15-6-2025 ஞாயிறு மாலை 6 மணிக்குள் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கெடு முக்கிய நிபந்தனை. அது தாண்டினால் ஒப்பந்தம் முடியும், வண்டியை வேறொருவருக்கு விற்கலாம். அதற்கு முன் எழுத்தில் பேசி நாளைத் தள்ளி வைக்கலாம்.
>
> கெடுவுக்குள் நீங்கள் வாங்காவிட்டால் அச்சாரம் ரூ. 2,000 திரும்பாது. ரூ. 3,000ஐ 17-6-2025க்குள் அனுப்பிவிடுவேன்.
>
> கெடுவுக்குள் ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவை நீக்கி, படிவம் 29, 30இல் கையெழுத்திட்டுத் தருவது என் பொறுப்பு. அது முடியாவிட்டாலோ, நான் விற்க மறுத்தாலோ ரூ. 5,000 முழுவதையும் 17-6-2025க்குள் அனுப்புவேன்.
>
> சம்மதம் என்றால் ‘சம்மதம்’ என்று பதில் போடுங்கள்.

படிவம் 29, 30 ஆகியவை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்கும் தாள்கள். கடன் பதிவு இல்லாத வண்டி என்றால் அந்தத் தொடரை விட்டுவிடலாம்.

எப்போது அனுப்புவது?

பலர் தவறுவது இங்கேதான். பணம் வந்த பிறகு ‘திரும்பாது’ என்று சேர்த்தால், அது விற்பவர் தாமாகப் போட்ட நிபந்தனை. வாங்குபவர் அதற்கு உடன்பட்டதாகக் காட்ட எதுவும் இருக்காது. முறையான வரிசை இது: நிபந்தனைகளை முதலில் அனுப்புங்கள். அப்போது ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் ‘நீங்கள் அனுப்பப்போகும்’ என்று இருக்கட்டும். ‘சம்மதம்’ என்ற பதில் வந்தபின் பணம் வரட்டும். பிறகு மேலே உள்ள முழு ரசீதையும் அனுப்புங்கள்.

பணம் முதலிலேயே வந்துவிட்டால், திருத்திய செய்தியை அனுப்பிச் சம்மதம் கேட்கலாம். வாங்குபவர் மறுத்தால், அவர் ஏற்காத நிபந்தனையை வைத்துக்கொண்டு பணத்தைப் பிடிப்பதைவிட, அன்றே 5,000 ரூபாயைத் திருப்பி அனுப்பி ‘திருப்பிவிட்டேன்’ என்று எழுதுவதே இருவருக்கும் நல்லது.

மின்னணு முறையில் ஏற்பட்டது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகாது என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவு கூறுகிறது. ஆகவே உரையாடலை அழிக்காமல், யுபிஐ பரிமாற்ற எண்ணோடு சேர்த்து, பெயர் மாற்றம் முடிந்து புதிய ஆர்.சி. வரும்வரை இருவரும் வைத்திருக்க வேண்டும்.