‘மணி’ மூன்று கேள்விக்குறிகளாக மாறும் இடம்

சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துகளால் ஆன கோப்பு. ஒரு வரிக்கு ஒரு பதிவு. பெயர், ஊர், தொகை ஆகியவற்றுக்கு இடையே காற்புள்ளி. எழுத்துரு, நிறம், கட்டத்தின் அகலம் எதுவும் அதில் கிடையாது. உள்ளே இருக்கும் பைட்டுகளை எந்த முறைப்படி எழுத்தாகப் படிக்க வேண்டும் என்ற குறிப்பும் பெரும்பாலும் இருக்காது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கணக்கு மென்பொருளிலிருந்து சிஎஸ்வியாக எடுத்து, எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் குலைந்து கிடப்பதற்கு இதுவே மூலகாரணம். எழுதிய மென்பொருள் ஒரு முறையைக் கையாண்டிருக்கும். திறந்த மென்பொருள் வேறொன்றை ஊகித்துக்கொண்டிருக்கும்.

குலைவு எல்லா நேரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எப்படிக் குலைந்திருக்கிறது என்று கவனித்தாலே கோளாறு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது, தரவை மீட்க முடியுமா என்ற இரண்டும் தெரிந்துவிடும். அதற்கு ‘மணி’ என்ற ஒரு பெயரைத் தொடர்ந்து போனால் போதும்.

கண்ணுக்கு மணி இரண்டெழுத்து. யூனிகோடில் அது மூன்று குறியீடுகள்: ம, ண, இகரத்தின் கொக்கி. இன்று பரவலாகப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் தேவை. ஆகவே கோப்பில் மணி ஒன்பது பைட்டுகளாக அமர்கிறது:

```
ம   E0 AE AE
ண   E0 AE A3
ி    E0 AE BF
```

இந்தக் கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்கும்போது, முகப்பில் அடையாளம் எதுவும் இல்லாவிட்டால், எக்செல் பொதுவாக விண்டோஸின் பழைய ஒரு-பைட் எழுத்துப் பட்டியலைக் கொண்டு படிக்கிறது. ஆங்கில அமைப்பிலுள்ள கணினிகளில் அது Windows-1252. அந்தப் பட்டியலில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. E0 என்றால் à, AE என்றால் ®. மணி இப்போது இப்படித் தெரியும்:

```
à®®à®£à®¿
```

தமிழின் குறியீடுகள் எல்லாமே E0 AE அல்லது E0 AF என்றுதான் தொடங்குகின்றன. அதனால் à® அல்லது à¯ மீண்டும் மீண்டும் வந்தால், அது தவறாகப் படிக்கப்பட்ட யூடிஎஃப்-8 தமிழ் என்று தயங்காமல் சொல்லலாம். பார்க்க அலங்கோலமாக இருந்தாலும் இது நல்ல அறிகுறி. ஒரு பைட்டும் தொலையவில்லை. சரியான முறையில் மறுபடி திறந்தால் பெயர் திரும்பிவிடும்.

கேள்விக்குறிகளின் கதை நேர்மாறானது. அவை படிக்கும்போது வருபவை அல்ல, எழுதும்போது வருபவை. தமிழ் எழுத்துக்கு இடமே இல்லாத ஒரு பட்டியலில் மென்பொருள் எழுத முயலும்போது, தெரியாத ஒவ்வொரு குறியீட்டுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டு நகர்கிறது. இரண்டெழுத்து மணிக்கு மூன்று கேள்விக்குறிகள் வருவது இதனால்தான். கலா என்ற பெயரும் அதே ??? ஆகிவிடும். கோப்பில் இருப்பது உண்மையிலேயே கேள்விக்குறி. அதிலிருந்து மணியையும் கலாவையும் பிரித்தெடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது. மூலத் தரவிடம் திரும்பிப் போவது ஒன்றே வழி.

அந்த மூலமே கெட்டிருக்கிறதா என்று அறிய, ஏற்றுமதியான கோப்பை எக்செலில் திறக்குமுன் நோட்பேடில் திறந்து பார்க்க வேண்டும். அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் தரவு நலம். அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால் பழுது ஏற்றுமதியிலோ தரவுத்தளத்திலோ இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரின் வழக்கமான அமைப்பில், மேற்கோளுக்கு முன் ஒரு N விடுபட்டாலே இது நேர்ந்துவிடும்:

```sql
INSERT INTO members (name) VALUES ('மணி');   -- ???
INSERT INTO members (name) VALUES (N'மணி');  -- மணி
```

பெயருக்கான புலம் `nvarchar` வகையாக இருந்தாலும் முதல் வரி கேள்விக்குறிகளையே சேமிக்கும். மைஎஸ்க்யூஎல்லில் இணைப்பின் எழுத்துமுறை `latin1` என்று இருந்தால், தளத்தில் தமிழ் சரியாக இருக்கும்போதே வெளியே வரும் பட்டியல் கேள்விக்குறியாகலாம். அதை `utf8mb4` என்று மாற்றி மீண்டும் ஏற்றுமதி செய்ய வேண்டும்.

கட்டங்கள் அவ்வளவு அச்சப்பட வேண்டியவை அல்ல. பைட்டுகளும் சரி, படித்த முறையும் சரி. வரைந்துகாட்டத் தமிழ் எழுத்துரு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கலங்களைத் தேர்ந்து எழுத்துருவை `Nirmala UI` அல்லது `Latha` என்று மாற்றியதும் பெயர்கள் தோன்றிவிடும். முதலாவது விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. ஆனால் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாகத் தெரியும் � வேறு விஷயம்: யூடிஎஃப்-8 ஆகப் பொருள்படாத பைட்டுகள் வந்திருக்கின்றன என்று அது சொல்கிறது. நீண்ட பெயர்களின் கடைசியில் மட்டும் அது வந்தால், பெயர்ப் புலம் 20 பைட்டுகளில் வெட்டப்படுகிறதா என்று பார்க்கலாம். ஆறு குறியீடுகளுக்கு 18 பைட்டுகள் போக, ஏழாவது பாதியில் அறுபட்டு நிற்கும்.

தமிழுக்குப் பதில் jkpo; போன்ற ஆங்கில எழுத்துகள் வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான தரவு. அதை யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். பாமினியில் இகரத்தின் விசை காற்புள்ளி என்பதால், மேற்கோளுக்குள் அடைக்கப்படாத இந்திரா என்ற பெயர் சிஎஸ்வியில் பத்தியையே பிளந்துவிடும்.

à® வகைக் குலைவைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. சுலபமானது நோட்பேட் வழி: கோப்பைத் திறந்து, `Save As` கொடுத்து, `Encoding` என்ற இடத்தில் `UTF-8 with BOM` என்பதைத் தேர்ந்து சேமிப்பது. இந்தத் தேர்வு 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இப்பெயரில் இருக்கிறது. கோப்பின் தலையில் EF BB BF என்ற மூன்று பைட்டுகள் சேரும். எக்செல் அவற்றைக் கண்டதும் யூடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளும். பைத்தான் நிரலில் `encoding="utf-8-sig"` என்று எழுதினால் ஏற்றுமதியிலேயே இது நடந்துவிடும். ஒரு பக்கவிளைவும் உண்டு. அடையாளத்தை எதிர்பார்க்காத சில நிரல்கள் அந்த மூன்று பைட்டுகளை முதல் தலைப்போடு ஒட்டிப் படித்து, `name` என்ற பத்தியே இல்லை என்று பிழை காட்டும். அப்படிப்பட்ட நிரலுக்கும் போக வேண்டிய கோப்பென்றால் அதைத் தொடாமல் விட்டு, எக்செலில் `Data`, `From Text/CSV` வழியாக எடுத்து, `File Origin` என்பதில் `65001: Unicode (UTF-8)` கொடுப்பதே நல்லது.

இத்தனையும் சரியாகச் செய்தபின் தரவு அழிவது பெரும்பாலும் சேமிக்கும் இடத்தில். தமிழ் அழகாகத் தெரிகிறது. ஒரு தொலைபேசி எண்ணைத் திருத்தி, `CSV (Comma delimited)` என்று சேமிக்கிறார்கள். அந்த வகை பழைய பட்டியலில் எழுதுவது. திரையில் உள்ள பெயர்கள் அப்படியே நிற்க, வட்டில் இருப்பவை கேள்விக்குறிகளாகிவிடும். மூடித் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. எக்செல் 2016 முதல் உள்ள `CSV UTF-8 (Comma delimited)` என்பதையே தேர வேண்டும். அதற்கு முந்தைய பதிப்புகளில் `Unicode Text` உதவும். அதில் காற்புள்ளிக்குப் பதில் டேப் இருக்கும். சேமித்த கோப்பை மூடி, மறுபடி திறந்து, கேள்விக்குறி இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது. எக்செலின் தேடலில் வெறும் `?` எந்த எழுத்துக்கும் பொருந்திவிடும் என்பதால், `~?` என்று தட்ட வேண்டும்.