22,961: ஒரு எண் வந்த வழி

2020 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டன் அரசின் கொரோனா டேஷ்போர்டு, அன்றைய புதிய தொற்றுகள் 22,961 என்று காட்டியது. அதற்கு முந்தைய நாள் 12,872. வெள்ளிக்கிழமையோ ஏழாயிரத்தைக்கூடத் தொடவில்லை, 6,968 தான். இரண்டே நாளில் மூன்று மடங்குக்கு மேல். பார்த்தவர்களுக்கு நோய் கட்டுமீறிவிட்டது போலத் தோன்றியதில் வியப்பில்லை. உண்மையில் அந்த இரண்டு நாளில் மாறியது நோயின் வேகம் அல்ல. எங்கோ சிக்கிக்கிடந்த பழைய கணக்கு மொத்தமாக வந்து சேர்ந்திருந்தது.

டேஷ்போர்டில் ஒரு பெரிய எண்ணைப் பார்க்கிறோம். அது எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது, வழியில் யார் என்ன செய்தார்கள், எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதை அந்த எண்ணே நமக்குச் சொல்லாது. அதைச் சொல்வதற்கென்று கூடவே எழுதிவைக்கும் விவரத்தைத் தரவுத்துறையில் டேட்டா லீனியேஜ் என்கிறார்கள். வழித்தடக் குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை இந்த 22,961 வந்த வழியைப் பின்தொடர்ந்தாலே புரிந்துகொள்ளலாம்.

பரிசோதனை செய்த ஆய்வகங்கள் முடிவுகளை சிஎஸ்வி கோப்புகளாக அனுப்பின. இது வெறும் எழுத்துக் கோப்பு. எத்தனை வரி வேண்டுமானாலும் இருக்கலாம். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு இவற்றைத் தானியங்கி முறையில் எக்செல் கோப்புகளுக்குள் இழுத்துக்கொண்டது. அங்கிருந்து மத்தியத் தொகுப்புக்கும், பிறகு டேஷ்போர்டுக்கும், நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் குழுவுக்கும் தகவல் போனது. இடையில் பயன்படுத்திய எக்செல் வடிவம் பழைய எக்ஸ்எல்எஸ். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் கிடையாது. ஒரு நோயாளியின் விவரம் ஒரே வரியில் முடியாமல் பல வரிகளை எடுத்துக்கொண்டதால், ஒரு கோப்பில் ஏறக்குறைய 1,400 பேர்தான் அடங்கினார்கள். தொற்று குறைவாக இருந்த நாட்களில் இது போதுமானதாக இருந்தது. செப்டம்பர் கடைசியில் தொற்று ஏறியபோது, நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றிய தண்ணீர் போல மீதிப் பேர் வெளியே வழிந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இப்படி விடுபட்டவர்கள் 15,841 பேர். நாள்வாரிக் கணக்கைப் பார்த்தால் கோளாறு எப்படி வளர்ந்தது என்பது தெரியும். 25ஆம் தேதி 957 பேர் விடுபட்டார்கள். 28ஆம் தேதி ஒருவர்கூட விடுபடவில்லை. 30ஆம் தேதி 3,049, அக்டோபர் 2 அன்று 4,786. ஆக, வெள்ளிக்கிழமை காட்டிய 6,968 உண்மையில் 11,754 ஆக இருந்திருக்க வேண்டும். முதலில் பொய்யான நிம்மதி, பிறகு பொய்யான பாய்ச்சல். இரண்டும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை. பரிசோதித்துக்கொண்டவர்களுக்குத் தங்கள் முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை அத்தனை நாள் தள்ளிப்போனது. என் பார்வையில், டேஷ்போர்டில் எண் தவறியதைவிட இதுதான் பெரிய இழப்பு.

இந்த இடத்தில் ஒரு வழித்தடக் குறிப்பு என்ன செய்திருக்கும்? “மூலம்: ஆய்வகக் கோப்பு, செயல்: எக்செலில் சேர்த்தல், வெளியீடு: டேஷ்போர்டு” என்று மட்டும் எழுதியிருந்தால் ஒன்றும் செய்திருக்காது. அதில் எல்லாமே உண்மை. ஆனால் வழிந்துபோன ஆட்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒவ்வொரு படியிலும் எத்தனை பதிவு உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்ற எண்ணிக்கையும் குறிப்பில் ஏற வேண்டும்.

இரண்டும் எப்போதும் சமமாக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவரே இரண்டு முறை பரிசோதித்திருந்தால் ஒருமுறைதான் எண்ண வேண்டும். தேதி இல்லாத பதிவைத் தள்ளிவைக்க நேரும். எனவே வந்தது என்பது போனது, மறுபதிவென்று நீக்கியது, குறையுள்ளதென்று தள்ளியது ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, 5,000 பதிவு வந்தது, 300 மறுபதிவு, 40 குறையுள்ளது என்றால் 4,660 வெளியே போயிருக்க வேண்டும். 1,400 மட்டும் போயிருந்தால் 3,260 பேருக்குக் கணக்கு இல்லை. அந்த நிமிடமே புதுப்பிப்பு நின்று, யாரையாவது கூப்பிட வேண்டும். இன்னொரு அடையாளமும் உண்டு: வரும் கோப்பு நாளுக்கு நாள் பெருக்க, வெளியே போகும் எண்ணிக்கை ஒரே அளவில் மோதி நிற்கிறது என்றால், எங்கோ ஒரு கூரை இருக்கிறது என்று பொருள்.

அதே டேஷ்போர்டு ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தது. அந்தச் சனிக்கிழமையே, தொழில்நுட்பக் கோளாறால் சில தொற்றுகள் தாமதமாகச் சேர்கின்றன, வரும் நாட்களின் எண்ணில் செப்டம்பர் கடைசி வாரத்துப் பதிவுகளும் இருக்கும் என்று பக்கத்திலேயே அறிவித்தது. அதோடு, அங்கே தொற்று எண்ணிக்கை இரண்டு விதமாகக் கிடைத்தது. ஒன்றின் பெயர் `newCasesByPublishDate`, அதாவது கணக்கு வெளியான தேதிப்படி. இன்னொன்று `newCasesBySpecimenDate`, மாதிரி எடுத்த தேதிப்படி. பெயரிலேயே வழித்தடத்தின் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது. முதல் வரைபடத்தில் அக்டோபர் 3, 4 தேதிகளில் கம்பிகள் திடீரென எழுந்து நிற்கும். இரண்டாவதில், தாமதமாக வந்தவர்கள் அவரவர் மாதிரி கொடுத்த நாளுக்குத் திரும்பிப் போய்விடுவதால், அப்படி ஒரு மேடே இருக்காது. அதற்கும் ஒரு குறை உண்டு: கடைசி ஐந்து நாள் எண்கள் முழுமை பெற்றிருக்காது. அவை இன்னும் ஏறும் என்று குறிப்புச் சொல்லாவிட்டால், நோய் குறைந்துவருவதாக எல்லோரும் தினமும் நினைத்துக்கொள்வார்கள்.

எண் தவறாமலே மாறுவதும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று பிரிட்டனின் கொரோனா மரண எண்ணிக்கை 46,706-இலிருந்து 41,329 ஆக இறங்கியது. எந்தக் கோப்பும் தொலையவில்லை. அதுவரை இங்கிலாந்தில், தொற்று உறுதியானவர் எத்தனை மாதம் கழித்து எதனால் இறந்தாலும் கொரோனா மரணத்தில் சேர்த்துவந்தார்கள். அன்று முதல், தொற்று உறுதியாகி 28 நாளுக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணினார்கள். 5,377 பேர் ஒரே நாளில் கணக்கிலிருந்து விலகினார்கள். வரையறை மாறிய தேதி குறிப்பில் இல்லையென்றால், பின்னாளில் இந்தத் தொடரை எடுத்துப் பார்ப்பவருக்கு இது தவறா, திருத்தமா, மறைப்பா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

இவ்வளவும் எழுதியிருந்தாலும் ஒரு வழித்தடக் குறிப்பு எண் உண்மையென்று உத்தரவாதம் தராது. பரிசோதனைக்கே வராதவருக்கு எந்தக் கோப்பிலும் தடம் இல்லை. குறிப்பு பழசாகிப்போகும் ஆபத்தும் இருக்கிறது. கோப்பு வடிவத்தை ஒருவர் மாற்றுவார். குறிப்பு எழுதும் ஆவணத்தை வேறொருவர் பார்த்துக்கொள்வார். ஆறு மாதத்தில் இரண்டும் இரண்டு கதை சொல்லும். அதனால் குறிப்பைக் கையால் எழுதாமல், டேஷ்போர்டைப் புதுப்பிக்கும் நிரலே ஒவ்வொரு முறை ஓடும்போதும் எழுதும்படி வைக்க வேண்டும். எந்தக் கோப்பைத் திறந்தது, எத்தனை வரி படித்தது, எத்தனை எழுதியது, எந்த விதியின் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தியது, எத்தனை மணிக்கு முடித்தது என்று அதுவே பதிவு செய்யட்டும். வரையறை ஏன் மாறியது என்பதை மட்டும் மனிதர் எழுதினால் போதும்; அதை நிரலால் எழுத முடியாது.