கம்யூட்டேட்டரில் பொறி பறக்கும்போது

பி.வி.சி. பைப் தயாரிக்கும் ஒரு சிறு ஆலையை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ட்ரூடரின் திருகைச் சுழற்றுவது 37 கிலோவாட் டி.சி. மோட்டார். பெயர்ப்பலகையில் 440 வோல்ட், 95 ஆம்பியர், நிமிடத்துக்கு 1500 சுற்று என்று இருக்கிறது. ஒரு மாதமாகக் கம்யூட்டேட்டரில் பொறி. முதலில் கார்பன் பிரஷ்களை மாற்றினார்கள். பொறி குறையவில்லை. பட்டறைக்கு அனுப்பி, கம்யூட்டேட்டரை லேத்தில் சீவி, பேரிங் மாற்றி வாங்கிவந்தார்கள். இப்போது பொறி முன்னைவிட அதிகம். மறுபடியும் புது பிரஷ் வாங்குவதா, ஆர்மேச்சரையே ரீவைண்டிங் செய்வதா என்று பேச்சு நடக்கிறது.

இப்படிப்பட்ட ஆலைகளில் பிரஷ்மீதுதான் முதல் சந்தேகம் விழும். விலை குறைவு, மாற்றுவதும் எளிது, அதனால். ஆனால் பிரஷ் என்பது பொறி தெரியும் இடம் மட்டுமே. பொறியின் காரணம் பெரும்பாலும் வேறு எங்காவது இருக்கும்.

பொறி ஏன் வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஆர்மேச்சரில் உள்ள ஒவ்வொரு காயிலும் ஒரு காந்தத் துருவத்தின் ஆட்சியிலிருந்து அடுத்த துருவத்தின் ஆட்சிக்குப் போகும்போது, அதில் ஓடும் மின்னோட்டம் திசை மாறியாக வேண்டும். அந்தக் காயிலின் இரு முனைகளும் இணைந்திருக்கும் செம்புத் துண்டுகளை, அதாவது செக்மென்ட்டுகளை, பிரஷ் ஒன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் இந்தத் திசைமாற்றம் முடிந்துவிட வேண்டும். நம் மோட்டாரின் கம்யூட்டேட்டர் 20 செ.மீ. விட்டம், பிரஷ்ஷின் தடிமன் 12.5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 1500 சுற்றில் கிடைக்கும் அவகாசம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் முடியாத மிச்ச மின்னோட்டம், செக்மென்ட் பிரஷ்ஷை விட்டு விலகும் நொடியில் காற்றைத் தாண்டிக் குதிக்கிறது. நாம் பார்க்கும் பொறி அதுதான்.

இந்த அவசரத் திசைமாற்றத்துக்கு உதவவே, பெரிய துருவங்களுக்கு நடுவில் இன்டர்போல் என்ற சிறு துருவங்களை வைக்கிறார்கள். அவற்றின் சுருளில் ஆர்மேச்சர் மின்னோட்டமே ஓடுகிறது. லோடு கூடினால் உதவியும் அதற்கேற்பக் கூடும்.

இனி, கருவி எதையும் எடுப்பதற்கு முன் பொறியை உற்றுப் பார்க்க வேண்டும். பிரஷ்ஷின் விளிம்பில் ஊசிமுனை போல நீலவெள்ளைப் பொறி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. பல மோட்டார்கள் அதோடு ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. பொறி நீண்டு வால் விட்டாலோ, அதில் பச்சைச் சாயல் தெரிந்தாலோ செம்பு ஆவியாகிறது என்று பொருள். அதை ஓடவிடக் கூடாது. அடுத்த கேள்வி, பொறி எதோடு சேர்ந்து வருகிறது? லோடு கூடும்போதா? சுற்றும் திசை மாறும்போதா? அல்லது லோடு எதுவானாலும் ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட இடம் வரும்போதா? இந்த மூன்று கேள்விகளின் விடைகள் மூன்று வெவ்வேறு பழுதுகளைக் காட்டுகின்றன.

நம் ஆலையில் கதை தொடங்கியது லோடில். ஆரம்பத்தில் பொறி எப்போது வந்தது என்று ஆபரேட்டரைக் கேட்டால், "வெறுமனே ஓடும்போது ஒண்ணும் இல்லைங்க, மெட்டீரியல் போட்டாத்தான் வருது" என்பார். அது அதிக லோடின் அடையாளம். அம்மீட்டரைப் பார்த்தால் 95 ஆம்பியர் காட்ட வேண்டிய இடத்தில் 135. காரணம் மோட்டாரில் இல்லை. எக்ஸ்ட்ரூடரின் பேரலில் ஒரு ஹீட்டர் எரிந்துபோயிருக்கிறது. அந்தப் பகுதியில் பி.வி.சி. சரியாக இளகவில்லை. இளகாத சரக்கைத் தள்ளத் திருகுக்கு அதிக முறுக்குவிசை தேவைப்படுகிறது, அந்தச் சுமை மோட்டார் தலையில் விழுகிறது. டிரைவ் அடிக்கடி டிரிப் ஆனதால், யாரோ கரண்ட் லிமிட்டைக் கூட்டி வைத்துவிட்டார்கள். பாதுகாப்புக்கு இருந்த ஒரே தடையும் போயிற்று.

135 ஆம்பியரில் என்ன நடக்கிறது? ஒரு கணக்குப் போடலாம். நம் மோட்டாரில் பாசிட்டிவ் பக்கம் 4 பிரஷ்கள், ஒவ்வொன்றின் தொடுபரப்பும் சுமார் 3.1 சதுர செ.மீ. 95 ஆம்பியரில் சதுர செ.மீ.க்கு ஏழரை ஆம்பியர் அளவுதான். 135-ல் பதினொன்றை நெருங்கும். எலக்ட்ரோகிராஃபைட் வகைப் பிரஷ்கள் 10 முதல் 12 வரை தாங்கக்கூடியவை. ஆகவே பிரஷ்ஷைக் குறை சொல்ல முடியாது. திணறுவது இன்டர்போல்தான். ஒரு அளவுக்கு மேல் அதன் இரும்பு காந்தத்தால் நிறைந்துவிடுகிறது. மின்னோட்டம் கூடினாலும் காந்தப்புலம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. திருப்ப வேண்டிய மின்னோட்டமோ கூடிக்கொண்டே போகிறது. மிச்சம் பொறியாகிறது. இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேலே போட்ட கணக்கு 4 பிரஷ்களும் சமமாகப் பங்கிட்டால் மட்டும் சரி. ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அந்தப் பிரஷ் கம்மியாக எடுக்கும், மற்றவை அதன் பங்கையும் சேர்த்துச் சுமந்து எரியும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். லோடை 95-க்குக் கீழே இறக்கினால் பொறி அடங்க வேண்டும். அடங்கினால் மோட்டாரைக் கழற்றாதீர்கள், ஹீட்டரை மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை உண்டு. பட்டறையில் இன்டர்போல் இணைப்பை முனை மாற்றிக் கொடுத்திருந்தாலும் இதே போல லோடு கூடக்கூடப் பொறி கூடும். ஆனால் அது 95-க்கு வெகு கீழேயே மோசமாக இருக்கும், பழுதுபார்த்து வந்த நாளிலிருந்தே தொடங்கியிருக்கும்.

அதிக லோடில் ஒரு மாதம் ஓடியதன் வடு செக்மென்ட்டுகளில் தங்கிவிடுகிறது. சப்ளையைத் துண்டித்து, பூட்டு போட்டபின், கையால் ஆர்மேச்சரைச் சுற்றிக்கொண்டே டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல கம்யூட்டேட்டர் சாக்லேட் பழுப்பில், ஒரே சீராக, லேசான பளபளப்போடு இருக்கும். அந்தப் படலம்தான் பிரஷ்ஷையும் செம்பையும் காக்கிறது, அதைத் தேய்த்து எடுத்து மினுக்கக் கூடாது. கருப்பு எங்கே விழுந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். சுற்றிலும் ஒன்றுவிட்டு ஒன்றாகவோ, இரண்டுவிட்டு ஒன்றாகவோ ஒழுங்கான வரிசையில் செக்மென்ட்டுகள் கருத்திருந்தால், அது தேய்மானமல்ல. ஒரே பள்ளத்தில் இரண்டு மூன்று காயில்கள் இருக்கும்போது கடைசியாகத் திரும்பும் காயிலுக்குத்தான் அதிகச் சிரமம், அதன் செக்மென்ட்தான் கருகும். அதிக லோடு, பிரஷ்ஷின் இடம் தவறுதல் இரண்டில் ஒன்று என்று அது சொல்கிறது. அப்படியில்லாமல் ஒரே இடத்தில், அல்லது எதிரெதிரே இரண்டு இடங்களில் மட்டும் செக்மென்ட் விளிம்பு ஆழமாக எரிந்திருந்தால், அங்கே ஒரு காயில் அறுந்திருக்கிறது அல்லது அதன் ஈயப்பற்று விட்டிருக்கிறது. எவ்வளவு சீவினாலும் அது திரும்ப வரும்.

மூன்றாவது வகை, மேற்பரப்பே கெட்டுப்போவது. செக்மென்ட்டுகளுக்கு இடையில் இருக்கும் மைக்கா செம்பைவிட மெதுவாகத் தேயும். செம்பு தேய்ந்து மைக்கா எழும்பி நின்றால், பிரஷ் ஒவ்வொரு மைக்காமீதும் ஏறி இறங்கித் துள்ளும். விரல் நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டினாலே தட்டும். வட்டம் கோணியிருந்தால் டயல் கேஜ் வைத்துக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கலாம். மொத்த ஆட்டம் 0.05 மி.மீ. அளவைத் தாண்டினால் இந்த வேகத்தில் லேத்துக்கு அனுப்புவதே நல்லது. பக்கத்துப் பக்கத்துச் செக்மென்ட்டுகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கம் அதைவிடக் கொடியது. நூறில் ஒரு மில்லிமீட்டர் படிக்குக்கூடப் பிரஷ் துள்ளும்.

நம் மோட்டாரைப் பட்டறையில் சீவினார்கள், சரி. ஆனால் சீவியபின் மைக்காவை ஒரு மி.மீ. ஆழம் அளவுக்கு வெட்டித் தாழ்த்த வேண்டும், செக்மென்ட் விளிம்புகளைப் பிசிறு நீக்கிச் சற்றே சரிக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் சீவியதன் பலன் சில வாரங்கள்தான். புது பிரஷ்களை வளைவுக்குப் பொருத்தும்போது எமரி தாளைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் கடினமான துகள்கள் பிரஷ்ஷில் பதிந்துகொண்டு செம்பைக் கீறும். சாதாரண உப்புத்தாளே போதும், முடிந்ததும் தூசியை வேக்குவம் போட்டு எடுத்துவிட வேண்டும்.

இனி, பட்டறையிலிருந்து வந்தபின் பொறி கூடியதன் காரணம். பேரிங் மாற்றும்போது பிரஷ் ஹோல்டர்களைத் தாங்கும் வளையத்தை, ராக்கரை, கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது சில டிகிரி தள்ளி உட்கார்ந்துவிட்டது. இன்டர்போல் உள்ள மோட்டாரில் பிரஷ்கள் நியூட்ரல் என்ற சரியான இடத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து விலகினால், திசைமாறும் காயிலில் வேண்டாத மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அப்போது எல்லாப் பிரஷ் வரிசைகளிலும் ஒரே மாதிரி, ஒரே விளிம்பில் பொறி வரும். ஒரே லோடில் மோட்டாரை இரு திசைகளிலும் ஓட்ட முடிந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு திசையில் வேகம் கூடுதலாக, மறு திசையில் குறைவாக இருக்கும், பொறியும் மாறும். எக்ஸ்ட்ரூடரைத் தலைகீழாக ஓட்டக் கூடாது, அதனால் கப்ளிங்கைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மட்டும் இரு திசைகளிலும் ஓட்டிப் பொறியை ஒப்பிடலாம். லோடு இல்லாதபோது வேறுபாடு சிறிதாகவே தெரியும்.

நியூட்ரலைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க மோட்டாரை ஓட்டவே தேவையில்லை. ஆர்மேச்சர் இணைப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்துப் பக்கத்து இரண்டு பிரஷ் வரிசைகளுக்கு இடையில் நடுவில் பூஜ்யம் உள்ள மில்லிவோல்ட் மீட்டரை மாட்டுங்கள். ஷன்ட் ஃபீல்டுக்கு ஒரு பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வழியாகக் குறைந்த மின்சாரம் கொடுத்து, உடனே துண்டியுங்கள். துண்டிக்கும் நொடியில் முள் ஒரு பக்கம் உதறும். ராக்கரைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி செய்யுங்கள். உதறல் குறைந்து, மறைந்து, எதிர்ப்பக்கம் போகும். மறையும் இடம்தான் நியூட்ரல். ஆர்மேச்சரைச் சற்றுச் சுற்றி வைத்து நாலைந்து இடங்களில் பார்த்துச் சராசரி எடுத்தால் தவறு வராது. பிரஷ்கள் முழு வளைவுக்கும் நன்றாகப் படிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தவறான இடம் கிடைக்கும். பேட்டரி சிறியதுதானே என்று ஃபீல்டு முனைகளைத் தொட்டுக்கொண்டு துண்டிக்காதீர்கள். அந்தச் சுருள் துண்டிக்கும்போது பல நூறு வோல்ட் உதை கொடுக்கும்.

ராக்கரைச் சரியான இடத்தில் வைத்து, மைக்காவைத் தாழ்த்தி, ஹீட்டரை மாற்றி, கரண்ட் லிமிட்டைப் பழைய அளவுக்கு இறக்கினால் இந்த மோட்டார் மறுபடி ஓடும். ரீவைண்டிங் தேவையில்லை, மூன்றாவது செட் பிரஷ்ஷும் தேவையில்லை. டி.சி. மோட்டாரைப் பட்டறைக்கு அனுப்பும் ஒவ்வொருவரும், கழற்றுவதற்கு முன் ராக்கரும் மூடியும் சேரும் இடத்தில் உளியால் ஒரு கோடு போடுங்கள். எந்த லோடில், எந்தத் திசையில், எந்த விளிம்பில் பொறி வந்தது என்று ஒரு தாளில் எழுதி மோட்டாரோடு கட்டி அனுப்புங்கள்.