வெபினார் சுருக்கத்தில் கேள்வி நேரத்தின் இடம்

வெபினார் பதிவைச் சுருக்குபவர் பெரும்பாலும் முதல் நிமிடத்திலிருந்து எழுதிக்கொண்டே போகிறார். கேள்வி நேரம் வருவதற்குள் கை ஓய்ந்து, 'பின்னர் கேள்விகளுக்குப் பதிலளிக்கப்பட்டது' என்ற ஒரே வரியில் அது முடிந்துவிடுகிறது. பேச்சாளர் பொதுவாகச் சொன்ன விதியின் விலக்குகள் வெளியே வருவதோ அந்தக் கடைசி இருபது நிமிடத்தில்தான்.

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் பற்றிய வெபினார் பதிவைச் சுருக்குவதாக வைத்துக்கொள்ளலாம். 22-வது நிமிடத்தில் பேச்சாளர், தவறாகப் பதிந்த இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள் போர்ட்டலில் ரத்து செய்யலாம் என்கிறார். 58-வது நிமிடத்தில் ஒருவர், சரக்கு லாரியில் கிளம்பிவிட்டது, இ-வே பில்லும் போட்டாயிற்று, இப்போதும் ரத்து செய்யலாமா என்று கேட்கிறார். இ-வே பில் நடப்பில் இருக்கும்வரை முடியாது, முதலில் அதை ரத்து செய்ய வேண்டும், வழியில் அதிகாரி அதைச் சோதித்துவிட்டால் அதற்கும் இடமில்லை, கிரெடிட் நோட்தான் போட வேண்டும் என்பது பதில். 22-வது நிமிடத்தை மட்டும் படித்த சக ஊழியர், லாரி வழியில் இருக்கும்போது ரத்துப் பொத்தானை அழுத்தி, ஏன் ஏற்கவில்லை என்று குழம்புவார்.

ஆகவே இந்தப் பதிலைச் சுருக்கத்தின் கடைசியில் தனியே போடாமல், 24 மணி நேர விதிக்கு அடியிலேயே, கேள்வியில் வந்தது என்ற குறிப்போடும் நிமிடத்தோடும் சேர்ப்பது நல்லது. பேச்சின் எந்தப் பகுதியோடும் ஒட்டாத கேள்விகள் மட்டும் தனிப் பட்டியலாகட்டும். ஒரே சந்தேகத்தை மூன்று பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கலாம். ஆனால் 'சரக்கு கிளம்பிவிட்டது' போன்ற நிபந்தனையை வெட்டக் கூடாது. அது போனால் பதிலே மாறிவிடும். கேட்டவர் தன் வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லியிருந்தால் அது வேண்டாம்.

பதிவில் கேட்காத பதில்களும் உண்டு. ஜூம் வெபினாரில் கேள்விப் பெட்டியில் தட்டச்சு செய்த பதில்கள் வீடியோவில் வராது. நடத்தியவர்களிடம் கேள்வி-பதில் அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். பேச்சாளர் கேள்வியைப் படிக்காமலேயே "ஆமாம், அதுவும் செல்லும்" என்று நகர்ந்திருந்தால், 'அது' எது என்பதும் அந்த அறிக்கையில்தான் தெரியும்.

பதில்கள் எல்லாம் ஒரே எடை உள்ளவையும் அல்ல. சட்டத்தில் இருப்பது, பேச்சாளரின் கருத்து, "பார்த்துவிட்டு மெயில் அனுப்புகிறேன்" என்று நிலுவையில் விட்டது ஆகியவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். நிலுவையில் உள்ளதைத் தீர்ந்ததுபோல் எழுதுவது இந்த வேலையில் எளிதில் நேரும் பிழை. எண்களை ஸ்லைடோடு ஒப்பிட வேண்டும்; தானாக உருவாகும் எழுத்துப்படி 'ஃபிஃப்டீன்' என்பதை 50 என்று எழுதிவிடலாம்.

நிமிடங்களைக் கடைசியாகக் குறிப்பதே நல்லது. அனுப்புவதற்கு முன் யாராவது பதிவின் தொடக்கத்திலுள்ள காத்திருப்பு நேரத்தை வெட்டிவிட்டால், குறித்த நிமிடங்கள் எல்லாம் முன்னால் நகர்ந்துவிடும்.