நோட்டீஸில் இருக்கும் வக்கீல் நிஜமான வக்கீல்தானா?

இந்த எபிசோடை ஒரு போன் காலில் இருந்து தொடங்குறேன். ஜூன் 9, காலை ஏழு மணி. வேப்பந்தட்டையில் இருந்து பெரியப்பா கூப்பிட்டார். "தம்பி, வக்கீல் நோட்டீஸ் வந்திருக்குடா. ஒரு லட்சத்து எண்பதாயிரம் கட்டணுமாம். ஆனா அந்த வக்கீலே போலின்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. கிழிச்சுப் போட்டுடவா?"

கிழிக்காதீங்க, போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு சொன்னேன். நல்ல வேளை அப்படிச் சொன்னேன். ஏன்னு கடைசியில் தெரியும்.

விஷயம் இதுதான். மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் விதை, உரம் எல்லாம் பெரியப்பா ஒரு கடையில் கடனுக்கு வாங்குவார். பாதுகாப்புக்குன்னு கையெழுத்து மட்டும் போட்ட ஒரு காசோலையை அங்க கொடுத்து வெச்சிருந்தார். கடைக்காரர் அதில் தொகையை எழுதி வங்கியில் போட்டிருக்கார். கணக்கில் பணம் இல்லாததால் திரும்பிடுச்சு. அதுக்குத்தான் நோட்டீஸ். தபால் கைக்கு வந்தது ஜூன் 3. ஆறு நாள் பீரோவில் தூங்கியிருக்கு.

முதலில் நான் பார்த்தது லெட்டர்ஹெட். வக்கீல் பெயருக்குக் கீழே பதிவு எண் இருந்தது. தமிழ்நாட்டு வக்கீல்களுக்கு அது 'MS' என்ற எழுத்துகளோடு வரும். மெட்ராஸ்ங்கிறதோட சுருக்கம் அது. பிறகு ஒரு வரிசை எண், அப்புறம் பதிவு செய்த வருஷம். கேரளாவில் பதிவு செய்தவருக்கு 'K', கர்நாடகாவில் 'KAR'. இந்தியாவில் எந்த மாநிலத்தில் பதிவு செய்திருந்தாலும் எங்க வேணும்னாலும் வாதாடலாம். அதனால வேற மாநில எழுத்து இருந்தாலே போலின்னு முடிவு கட்டக்கூடாது. எந்த மாநிலத்தில் விசாரிக்கணும்ங்கிறதைத்தான் அந்த எழுத்து சொல்லுது.

வருஷத்தையும் கவனிங்க. எண்ணில் 2019ன்னு இருக்கு, ஆனா ஆள் "இருபது வருஷமா ஹைகோர்ட்ல இருக்கேன்"னு சொல்றார்னா, அங்கேயே ஒரு கேள்வி இருக்கு. எண்ணே இல்லாத லெட்டர்ஹெட் வந்தா, எண் என்னன்னு கேட்டு வாங்கணும். உண்மையான வக்கீல் அதைச் சொல்லத் தயங்க மாட்டார்.

அடுத்து போனில் services.ecourts.gov.in திறந்தேன். நீதிமன்றங்களில் நடக்கும் வழக்குகளோட விவரம் அதில் இருக்கு. தமிழ்நாடு, பெரம்பலூர்னு தேர்ந்தெடுத்து, 'Case Status' போய், அதுக்குள்ளே 'Advocate' என்ற பிரிவுக்குப் போனா, வக்கீல் பெயரை வெச்சும் தேடலாம், பார் எண்ணை வெச்சும் தேடலாம். பெயரில் தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டல் கொஞ்சம் மாறினாலே கிடைக்காது. அதனால எண்ணைப் போட்டேன். பெரம்பலூரில் ஒண்ணும் வரலை. திருச்சியை மாத்திப் போட்டேன். வழக்குகள் வந்தது, ஆனா வேற ஒரு பெண் வக்கீலோட பெயரில்.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். "பாத்தியா, போலி!" எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஏன்னா இதே மாதிரி நிஜமா நடந்த ஒரு கேஸ் ஞாபகத்துக்கு வந்தது.

2021 ஜூலையில் கேரளாவின் ஆலப்புழையில் வெளியே வந்த விஷயம் அது. ஒரு பெண் இரண்டு வருஷத்துக்கு மேல அங்க வக்கீலா வலம் வந்திருக்கார். வழக்கறிஞர் சங்கத்தில் உறுப்பினர். சங்கத் தேர்தலில் நின்னு நிர்வாகக் குழுவுக்கே ஜெயிச்சிருக்கார். சில வழக்குகளில் நீதிமன்றமே அவரை ஆணையரா நியமிச்சிருக்கு. பெயர் போடாத ஒரு கடிதம் சங்கத்துக்கு வந்த பிறகுதான் சந்தேகம் கிளம்புச்சு. அவர் கொடுத்திருந்த பதிவு எண்ணைச் சரிபார்த்தா, அது திருவனந்தபுரத்தில் இருக்கும் வேற ஒரு வக்கீலுடையது. சங்கமே போலீஸில் புகார் கொடுத்தது.

இதில் இருந்து ரெண்டு விஷயம் எடுத்துக்கணும். ஒண்ணு, எண் நிஜமா இருந்தா போதாது, அந்த எண் இந்தப் பெயருக்குத்தான் கொடுக்கப்பட்டதான்னு பார்க்கணும். ரெண்டு, வழக்கறிஞர் சங்கமும் பார் கவுன்சிலும் ஒண்ணு இல்லை. சங்கம்ங்கிறது அந்த ஊர் வக்கீல்கள் சேர்ந்து வெச்சிருக்கும் அமைப்பு. வக்கீல்களோட பட்டியலை வெச்சிருக்க வேண்டியது மாநில பார் கவுன்சில்தான்னு 1961ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டம் சொல்லுது. நமக்கு அது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். கறுப்பு கோட்டு, கார் ஸ்டிக்கர், சங்கத்தோட அடையாள அட்டை, இன்டர்நெட்டில் ஐந்து ஸ்டார் எதுவும் அந்தப் பட்டியலுக்கு ஈடாகாது. இ-கோர்ட்ஸும் ஈடாகாது. வழக்கு தாக்கல் ஆகும்போது கொடுக்கும் விவரம்தான் அதில் ஏறுது. போன மாசம் பதிவு செய்த நிஜ வக்கீலுக்கு அதில் ஒரு வழக்கும் இல்லாமப் போகலாம்.

சரி, பார் கவுன்சிலிடம் எப்படிக் கேட்பது? நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினேன். கட்டணம் 10 ரூபாய், பதில் சொல்ல அவங்களுக்கு 30 நாள். படிப்புச் சான்றிதழோட நகல் எல்லாம் கேட்டா, தனிப்பட்ட தகவல்னு மறுக்க வாய்ப்பு இருக்கு. அதனால சுருக்கமா கேட்டேன். இந்த எண் யார் பெயரில், எந்தத் தேதியில் பதிவாகியிருக்கு? இந்தப் பெயரில், இந்த முகவரியில் ஒருவர் பட்டியலில் இருக்காரா, இருந்தா அவர் எண் என்ன? அவர் இப்போ தொழில் செய்யும் நிலையில் இருக்காரா, இல்லை இடைநீக்கமோ நீக்கமோ ஆகியிருக்காரா?

மூணாவது கேள்வியை விட்டுடாதீங்க. பதிவு ஆனவர் எல்லாரும் இன்னைக்கு வாதாடலாம்னு இல்லை. ஒழுங்கு நடவடிக்கையில் சில காலம் தடை வாங்கினவர் இருக்கலாம். முழு நேரச் சம்பள வேலைக்குப் போனதால் தொழிலை நிறுத்தி வெச்சவரும் இருக்கலாம்.

இப்போதான் எனக்கு உறைச்சது. பதில் வர 30 நாள். நோட்டீஸ் கொடுத்த அவகாசம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும்.

காசோலை கேஸில் கணக்கு இப்படி. நோட்டீஸ் கைக்கு வந்ததில் இருந்து 15 நாளுக்குள் பணம் கட்டணும். பெரியப்பாவுக்கு ஜூன் 18 கடைசி. கட்டலைன்னா அடுத்த நாளில் இருந்து ஒரு மாசத்துக்குள் கடைக்காரர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு போடலாம். நாம வக்கீலைப் பற்றி விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்ங்கிறதுக்காக அந்த நாள்கள் நிக்காது.

இன்னொரு உண்மையும் இருக்கு. இந்த நோட்டீஸை வக்கீல்தான் அனுப்பணும்னு சட்டத்தில் இல்லை. கடைக்காரரே வெள்ளைத் தாளில் எழுதி அனுப்பினாலும் செல்லும். அப்போ கையெழுத்துப் போட்டவர் போலி வக்கீல்னே வெச்சுக்குவோம், திரும்பின காசோலை நிஜம்தானே? "வக்கீல் போலி, அதனால நோட்டீஸும் போலி"ங்கிற கணக்கு இங்கதான் ஆளைக் கவிழ்க்கும்.

அதனால பெரியப்பாவைப் பெரம்பலூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பினேன். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் இவங்களுக்கெல்லாம் அங்க இலவச வக்கீல் கிடைப்பாங்க. போனில் கேட்க 15100. போற வழியிலேயே வாசலில் ஒருத்தர் "நான் பாத்துக்கறேன், ஐயாயிரம் கொடுங்க"ன்னு பெரியப்பாவை மடக்கியிருக்கார். பதிவு எண் கேட்டதும், "நான் வக்கீலோட ஆளு"ன்னு நழுவிட்டாராம்.

ஆணைக்குழு மூலமா கிடைச்ச வக்கீல் ஜூன் 16 அன்னைக்கே பதில் அனுப்பிட்டாங்க. காசோலை பாதுகாப்புக்குக் கொடுத்தது, பாக்கி அவ்வளவு இல்லை, கணக்கைக் காட்டுங்கன்னு. ஒரு நகல் அந்த வக்கீல் முகவரிக்கு, இன்னொரு நகல் நேரா கடைக்காரருக்கு, ரெண்டும் கையெழுத்து வாங்கும் தபாலில். வக்கீல் மேல சந்தேகம் இருக்கும்போது ரெண்டாவது நகல் ரொம்ப முக்கியம். பணம் கட்டுறதா இருந்தாலும் நோட்டீஸில் இருக்கும் போன் நம்பருக்கு ஜி-பே பண்ணாம, கடன் கொடுத்தவர் கணக்கில்தான் போடணும்னும் அவங்க சொன்னாங்க.

ஜூலை நடுவில் பார் கவுன்சில் பதில் வந்தது. நாங்க கேட்ட எண் அந்தப் பெண் வக்கீலுடையதுதான். ஆனா நோட்டீஸில் இருந்த பெயரும் பட்டியலில் இருக்கு, தொழில் செய்யும் நிலையில்தான் இருக்கார். அவரோட எண்ணில் கடைசி ரெண்டு இலக்கம் இடம் மாறி இருந்தது. லெட்டர்ஹெட் அச்சடிக்கும்போது நடந்த தப்பு, அவ்வளவுதான். எண்ணை மட்டும் கேட்டு, பெயரைக் கேட்காம விட்டிருந்தா, ஒரு நிஜ வக்கீலைப் போலின்னு புகார் பண்ணியிருப்போம். கிழிச்சுப் போட்டிருந்தா, பதிலே சொல்லாத ஆளா கோர்ட்டில் நின்னிருப்போம். கடைசியில் கடைக்காரர் கணக்கைக் காட்டினார். நிஜ பாக்கியைத் தவணையில் கட்டுறதா எழுதிக்கிட்டாங்க, காசோலையும் கைக்குத் திரும்பி வந்தது.

ஒருவேளை இது வழக்கா போயிருந்து, நாங்க ஒரு வக்கீலை அமர்த்தியிருந்தா? அப்பவும் இதே பார்வைதான். எண், பெயர் ரெண்டையும் முதலில் வாங்கிக்கணும். வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போது, ஏத்துக்கிறவர் இடத்தில் நம்ம பேசின அதே ஆளோட பெயரும் எண்ணும் இருக்கான்னு படிக்கணும். வெத்து வக்காலத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. ஆஜரான பிறகு வழக்கோட 16 இலக்க சி.என்.ஆர் எண்ணைக் கேட்டு வாங்கி, இ-கோர்ட்ஸில் போட்டுப் பார்க்கணும். நம்ம பக்கத்து வக்கீல்னு அங்க இருக்கும் பெயரும் வக்காலத்தில் இருக்கும் பெயரும் ஒண்ணா இருக்கணும்.

பெரியப்பா இப்போ வெத்துக் காசோலையில் கையெழுத்துப் போடுறதை நிறுத்திட்டார். ஆனா ஊரில் யாருக்கு நோட்டீஸ் வந்தாலும் அவர்கிட்டத்தான் கொண்டு வர்றாங்களாம். "மொதல்ல கவர்ல எந்தத் தேதி முத்திரைன்னு பாரு, அப்புறம் வக்கீல் யாருன்னு பாக்கலாம்"னு சொல்றாராம்.